ஹெர்னியா ஆபரேஷனும் ஆண்மையும்: விரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. "அடிவயிற்று இறக்கத்துக்குக் கத்தி வைத்தால் ஆண்மை போய்விடும்." அப்பா சொல்லி மகன் கேட்டு, மகன் அவன் கூட்டாளிக்குச் சொல்லி வந்த பேச்சு. இதை நம்பிப் பல வருடம் இடுப்பில் துணி இறுக்கிக் கட்டிக்கொண்டு செம்பனைக் குலை வெட்டப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுவைச் சிகிச்சை வார்டில் எச்.ஏ. என்ற மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவன் என்பதால், கட்டிலில் படுத்தபடி மெதுவான குரலில் இதைக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலையாக இருந்தது.

விறைப்பு எழுவதற்கான நரம்பும் ரத்தக்குழாயும் ஹெர்னியா ஆபரேஷன் நடக்கும் இடத்தில் இல்லை. உண்மையான ஆபத்து வேறொன்றுக்கு: அந்தப் பக்கத்து விரையின் ரத்த ஓட்டத்துக்கு. அந்த ஆபத்து சிறியது, ஆனால் உண்மையானது. ஆண்மையைப் பற்றியே பயந்துகொண்டிருப்பவர்கள், விரையைக் கவனிக்க வேண்டிய முதல் வாரத்தைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த வாரத்துக்குத்தான் அதிக இடம்.

முதலில், வீக்கம் எது என்று பாருங்கள்

விரைப்பை வீங்கினால் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் ஹெர்னியா வேறு, ஹைட்ரோசீல் வேறு. ஹெர்னியாவில் குடலோ வயிற்றுக் கொழுப்போ இடுப்பு மடிப்பில் இருக்கும் வழியாக இறங்கி வருகிறது. இருமினால் தள்ளும், மல்லாந்து படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். ஹைட்ரோசீலில் விரையைச் சுற்றியுள்ள பையில் நீர் கோத்திருக்கும். படுத்தாலும் அப்படியே இருக்கும்.

வீக்கத்தின் மேல் பகுதியை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். மேலே ஒல்லியான கயிறு மட்டும் தட்டுப்பட்டு, வீக்கம் அதற்குக் கீழே தனியாகத் தொங்கினால் அது ஹைட்ரோசீலாக இருக்கலாம். வீக்கம் இடுப்பு மடிப்புக்குள்ளேயே ஏறிப் போனால் ஹெர்னியா. இருட்டு அறையில் விரைப்பைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் ஹைட்ரோசீல் சிவப்பாக ஒளிரும். இது வீட்டுச் சோதனைதான், முடிவு டாக்டருடையது. ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்க கிளினிக்கில் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். வலியே இல்லாமல் விரையிலேயே கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் தள்ளிப் போடாமல் உடனே காட்டுங்கள். அதற்கு ஸ்கேன் வேண்டும்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. வழக்கமாக உள்ளே போகும் ஹெர்னியா திடீரென்று கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது. விரைக்குப் போகும் ரத்தமும் நசுங்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்பு டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

இதைச் சொல்ல வெட்கப்படுவதால்தான் பின்னால் குழப்பமே வருகிறது. இப்போது விறைப்பு எப்படி இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள். சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், சிகரெட், வயது என்று பல காரணத்தால் விறைப்பு முன்பே குறைந்திருக்கும். அது பதிவாகாமல் ஆபரேஷனுக்குப் போனால், பிறகு எல்லாப் பழியும் கத்தி மேல் விழும். உண்மையான காரணத்துக்கு வைத்தியம் நடக்காது.

அடுத்தது, இதே பக்கம் முன்பு ஆபரேஷன் நடந்ததா என்பது. சின்ன வயதில் நடந்திருந்தாலும் சொல்லுங்கள். ஏற்கெனவே வெட்டிய இடத்தில் தழும்புத் திசு எல்லாவற்றையும் ஒட்ட வைத்திருக்கும். விரைக்குப் போகும் மெல்லிய குழாய்களைத் தனியாகப் பிரிப்பது கடினம். முதல் ஆபரேஷனில் விரை சுருங்குவது நூறில் ஒருவருக்கும் குறைவு. மறு ஆபரேஷனில் அந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. முன்பு முன்பக்கம் வெட்டிச் செய்திருந்தால், இந்த முறை துளை போட்டு, பலவீனமான சுவரைத் தாங்கும் வலையை உள்பக்கமாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். தழும்பைத் தொடாமல் போகும் வழி அது. எல்லோருக்கும் முடியாது. ஹெர்னியா விரைப்பை வரை இறங்கிப் பெரிதாக இருந்தாலோ, முழு மயக்கம் தாங்காத உடம்பாக இருந்தாலோ முன்பக்கம்தான்.

மூன்றாவது, மற்ற விரை நன்றாக இருக்கிறதா? சின்ன வயதில் ஒன்று இறங்காமல் போயிருந்தால், அடிபட்டுச் சுருங்கியிருந்தால், இருப்பது ஒன்றே ஒன்று என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். இன்னும் பிள்ளை வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆபரேஷன் என்றால் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் தாளில் "தேவைப்பட்டால் விரையை எடுக்கலாம்" என்ற வரி இருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். மறு ஆபரேஷன்களில் சில சமயம் அப்படிக் கேட்பார்கள். எந்த நிலைமையில் எடுப்பீர்கள் என்று அங்கேயே கேட்பது உங்கள் உரிமை.

ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் பிளேடால் முடி மழிக்க வேண்டாம். கீறல் வழியாகக் கிருமி ஏறும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியிலேயே கிளிப்பரால் எடுப்பார்கள்.

மேசையில் என்ன நடக்கிறது

இடுப்பு மடிப்புக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுவார்கள். உள்ளே ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதற்குள் விரல் தடிமனில் ஒரு கயிறு விரைக்கு இறங்குகிறது. அதை விந்துக் கயிறு என்று சொல்லலாம். விரைக்குப் போகும் தமனி, அங்கிருந்து திரும்பி வரும் நூல் மாதிரி சிரைகளின் பின்னல், விந்துக் குழாய், சின்ன நரம்பு எல்லாம் அதற்குள். ஹெர்னியாவின் பையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். டாக்டர் அந்தப் பையை மட்டும் கயிற்றிலிருந்து பிரித்து உள்ளே தள்ளிவிட்டு, பலவீனமான சுவருக்கு மேல் ஒரு வலையை வைத்துத் தைக்கிறார்.

விறைப்புக்கான நரம்பு முதுகின் அடிப்பகுதியில், கீழ் முதுகுத்தண்டு நரம்புகளிலிருந்து கிளம்பி, இடுப்புக் கூட்டுக்குள் புரோஸ்டேட் சுரப்பியின் இரு பக்கமும் ஓடி ஆணுறுப்புக்கு வருகிறது. ரத்தமும் இடுப்புக் கூட்டின் உள்ளிருந்துதான் வருகிறது. இவை இரண்டும் அந்தக் குறுகிய வழியாக வருவதில்லை. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தால் விறைப்பு பாதிக்கலாம். அது அந்த நரம்பின் பக்கத்திலேயே நடக்கும் வேலை. ஹெர்னியா ஆபரேஷன் நடப்பது வேறு இடத்தில்.

விரையின் கதை வேறு. பெரிய ஹெர்னியாவின் பை விரை வரை இறங்கியிருக்கும். அதை அடி வரை பிரித்து எடுக்கப் போனால் அந்தச் சிரைப் பின்னல் கிழியவோ, நசுங்கி ரத்தம் உறையவோ வாய்ப்பு உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள டாக்டர்கள் பெரிய பையைப் பாதியில் வெட்டி, கீழ்ப்பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த மிச்சப் பையில் பிறகு கொஞ்சம் நீர் கோக்கலாம். விரை போவதைவிட அது எவ்வளவோ மேல். "மிச்சம் வைத்துவிட்டார்கள்" என்று கோபப்பட வேண்டாம்.

முதல் வாரம்: தினமும் கைவைத்துப் பாருங்கள்

முதல் நாள் முதுகு ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதுவரை ஆணுறுப்பில் உணர்ச்சி இல்லை என்று பதற வேண்டாம். ஆறு மணி நேரம் ஆகியும் சிறுநீர் வரவில்லை என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். முதுகு ஊசிக்குப் பிறகும், புரோஸ்டேட் பெரிதான வயதானவர்களுக்கும் இது வரும். குழாய் போட்டு எடுத்துவிடலாம்.

இரண்டாம் மூன்றாம் நாள் விரைப்பையும் ஆணுறுப்பும் கருநீலமாகலாம். பார்க்கவே பயமாக இருக்கும். வெட்டிய இடத்தில் கசிந்த ரத்தம் கீழே இறங்கித் தோலுக்கடியில் தேங்குவதுதான் இது. வலி அதிகம் இல்லை, விரைப்பை மிருதுவாக இருக்கிறது, நிறம் பச்சை மஞ்சளாக மாறிக்கொண்டு வருகிறது என்றால் இரண்டு வாரத்துக்குள் தீரும். இறுக்கமான ஜட்டி போடுங்கள்; படுக்கும்போது விரைப்பைக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். கைலி மட்டும் கட்டிக்கொண்டு தொங்கவிட்டால் வீக்கம் கூடும்.

நிறத்தை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. விரையைத் தொட்டுப் பாருங்கள். காலை மாலை இரண்டு வேளை, முதலில் நல்ல பக்கத்து விரையை மெதுவாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆபரேஷன் பக்கம். அளவு, இறுக்கம், வலி மூன்றையும் ஒப்பிடுங்கள். லேசாக வீங்கியிருக்கலாம், கயிறு தடித்திருக்கலாம், விரை முன்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்கலாம். இவை பரவாயில்லை. விரையே உருண்டையாக, கல் மாதிரி கெட்டியாகி, தொட முடியாத வலியோடு இருந்தால் பரவாயில்லை என்று விடக்கூடாது.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், செம்பனை அறுவடைக்காரர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சிகரெட்டும் உண்டு. வலது பக்கம் வாலிபத்தில் ஒரு முறை ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. அது திரும்ப வந்து விரைப்பை வரை இறங்கியிருந்தது. முன்பக்கமாகவே திறந்து வலை வைத்தார்கள். முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தார். மறுநாளே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி வலி கூடத் தொடங்கியது. வழக்கமாக இந்த நேரத்தில் வலி குறைய வேண்டும். அவர் மனைவி நீலத்தைப் பார்த்துவிட்டு, "ரத்தம் கட்டியிருக்குங்க, போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் லேசான காய்ச்சல். அவர் வந்தபோது வலது விரை இடதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, மேலே ஏறி, கெட்டியாக இருந்தது.

ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் வலது விரைக்குள் ஓட்டம் மிகக் குறைவாகத் தெரிந்தது. தழும்பிலிருந்து பையைப் பிரித்தபோது சிரைகள் உறைந்துவிட்டன. மழைக்காலத்தில் தோட்டத்து வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வந்த வழியே தேங்கி லயத்துக்குள் ஏறும் இல்லையா, அப்படித்தான். தமனி ரத்தத்தை உள்ளே அனுப்புகிறது, வெளியே போக வழியில்லை. விரைக்கு மேல் ஒரு கெட்டியான உறை இருப்பதால் அது விரிந்து கொடுக்காது. அழுத்தம் ஏறி விரையே மூச்சுத் திணறும்.

இதற்கு மந்திர வைத்தியம் இல்லை. வலி மாத்திரை, படுக்கை, விரைப்பைக்குத் தாங்கல், அடிக்கடி பரிசோதனை. கிருமி இருந்தால்தான் ஆண்டிபயாட்டிக் உதவும். அப்படியென்றால் ஏன் உடனே வரச் சொல்கிறேன்? ஏனென்றால் இதே மாதிரி தெரியும் வேறு இரண்டு, அவசரமாகச் சரிசெய்யக்கூடியவை. விரை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கை எடுக்க வேண்டும். உள்ளே ரத்தக்குழாய் கசிந்து, சில மணி நேரத்தில் விரைப்பை பலூன் மாதிரி இறுகினால் திறந்து ரத்தக்கட்டியை எடுக்க வேண்டியிருக்கலாம். எது என்று வீட்டில் சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். வெட்டிய இடம் சிவந்து சூடாகிச் சீழ் வந்தாலும் அன்றே போங்கள்.

அவருக்கு வலி சில வாரத்தில் அடங்கியது. அடுத்த சில மாதத்தில் வலது விரை மெல்லச் சுருங்கி, வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே போனது. வலி இல்லை, கட்டி இல்லை. இடது விரை நன்றாக இருந்ததால் காலையில் எடுத்த ரத்தத்தில் ஆண் ஹார்மோன் அளவு சரியாகவே இருந்தது. ஒரு நல்ல விரை இரண்டின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். பிள்ளை பெறவும் பெரும்பாலும் அது போதும். சுருங்கியதை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை, தொல்லை கொடுத்தால் மட்டும் பேசலாம்.

விறைப்பு: எப்போது, எப்படி

மேலே சொன்ன மனிதர் விரை சுருங்கியதைப் பார்த்ததும் இனி எல்லாம் முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டார். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணே, விடியற்காலையில் எழும்பும்போது எப்படி இருக்கு?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சில நாளாக இருக்கிறது என்றார். தூக்கத்தில் வரும் விறைப்பு மனத்தைக் கேட்டு வருவதில்லை. அது ஓரளவு முழுதாக வந்தால் நரம்பும் ரத்தமும் வேலை செய்கின்றன என்று பொருள். மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் பயம், வலி, தையல் பிய்ந்துவிடுமோ என்ற நினைப்பு. அவருக்கும் அப்படித்தான். டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு சரியானது.

முதல் வாரம் விறைப்பு குறைவதும், வந்தால் இழுத்து வலிப்பதும் வழக்கம். வலி மாத்திரை, தூக்கமின்மை, வீக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். உறவுக்கு இத்தனை நாள் என்று கெடு கிடையாது. அழுத்தினால் வலி இல்லை, காயம் ஆறிவிட்டது என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கலாம். உங்கள் உடல் எடை இடுப்பில் விழாத நிலையில் தொடங்குங்கள்.

தொடையின் உள்பக்கம், ஆணுறுப்பின் அடி, விரைப்பையின் மேல் பகுதி மரத்திருந்தால் அது தோலின் உணர்ச்சி நரம்பு. வெட்டிய வழியில் அது இருக்கிறது. இழுபடும், சில சமயம் அறும். பல மாதத்தில் மரப்பு சுருங்கிக்கொண்டு வரும், கொஞ்சம் நிலைக்கவும் செய்யலாம். ஆணுறுப்பின் முனை உணர்ச்சிக்கு வேறு நரம்பு. அது பத்திரமாக இருக்கும்.

உண்மையில் உறவைக் கெடுப்பது நீண்ட நாள் வலிதான். மூன்று மாதம் தாண்டியும் இடுப்பு மடிப்பில் ஏதாவது வலி இருப்பது சுமார் பத்தில் ஒருவருக்கு. வேலையைத் தடுக்கும் அளவு வலி அவர்களிலும் சிலருக்கே. விந்து வெளியேறும்போது இடுப்பில் சுருக்கென்று குத்தும் வலியும் சிலருக்கு வரும். வெட்கப்பட்டு மறைக்காமல் அதை அந்த வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். நரம்புக்கு மாத்திரை, மரப்பு ஊசி, கடைசியாக நரம்பை எடுக்கும் ஆபரேஷன் என்று வழிகள் உண்டு.

மூன்று மாதம் ஆகியும் விடியற்காலையிலும் விறைப்பே இல்லை என்றால் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், காலை 11 மணிக்குள் எடுத்த ரத்தத்தில் ஆண் ஹார்மோன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பாசார் மாலாமில் விற்கும் ஆண்மைக் காப்பிப் பொட்டலத்தை வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் சில்டெனாபில், தடாலாபில் போன்ற மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கடியில் மாத்திரை வைக்கிறவர்கள் அதைக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஹைட்ரோசீல் என்றால்

இது விரைப்பையைத் திறந்து செய்வது. நீரை வடித்து, பையை வெட்டியோ உள்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பியோ தைப்பார்கள். இதிலும் விறைப்பு நரம்பு பக்கத்தில் இல்லை. பெரிய வீக்கம் ஆணுறுப்பையே விழுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு உறவு முன்பைவிட எளிதாகும். அடிக்கடி வரும் தொல்லை உள்ளே ரத்தம் கட்டுவது. அதனால் ஜட்டித் தாங்கல் இங்கே இன்னும் முக்கியம். விரைப்பை கெட்டியாக இருப்பது சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட நீடிக்கும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் சரி. ஊசியால் நீரை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப ஊறும்.

வேலைக்குத் திரும்புவது

வலை திசுவோடு பிடிக்க வேண்டும். லேசான வேலைக்கு இரண்டு வாரம் போதும். நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவதும், குலையைத் தூக்கி வண்டியில் போடுவதும் நான்கு முதல் ஆறு வாரம் வேண்டாம். முதல் எம்.சி. முடியும்போது வலி இருந்தால் நீட்டிக்கச் சொல்லுங்கள். வேலைச் சட்டத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு வருடத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 முதல் அது சாதாரண எம்.சி. நாட்களோடு சேர்த்துக் கழிக்கப்படுவதில்லை. மண்டோர் "லேசான வேலை தருகிறேன், வா" என்றால், எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கிராணியிடம் கொடுங்கள்.